நடுவில் நிற்கும் 171

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில், நூலக இரவல் குறித்த கட்டுரையின் வரைபடத்தைப் படிக்க முடியவில்லை என்று எழுதியிருந்த வாசகருக்கு, "அச்சில் உள்ள எண்கள் மென்பொருளே தேர்ந்தெடுத்தவை, தரவில் பிழையில்லை" என்று பதில் சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

அந்தப் படத்தின் செங்குத்து அச்சில் இருந்த எண்கள் 13, 92, 171, 250, 329, 408, 487. தரவின் மிகக் குறைந்த எண்ணும் மிக உயர்ந்த எண்ணும் அச்சின் இரு முனைகளாகிவிட்டன. இடையில் உள்ள 474-ஐ ஆறால் வகுத்து, 79-க்கு ஒரு கோடு. வரைபட மென்பொருளைத் தன் போக்கில் விட்டால் பொதுவாக இப்படிச் செய்யாது. யாரோ கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கையால் அடித்து, ஆறு பாகம் கேட்டிருக்கிறார்கள். பழியை மென்பொருள் மேல் போட்டது நியாயமில்லை.

ஜூலை மாதப் பட்டை எவ்வளவு என்று பார்க்க ஸ்கேலை எடுத்தேன். இரண்டு கோடுகளுக்கு நடுவே 16 மி.மீ. பட்டை, 171 கோட்டுக்கு மேல் 6 மி.மீ. ஏறி நின்றது. 6-ஐ 16-ஆல் வகுத்து, 79-ஆல் பெருக்கி, 171-ஐக் கூட்டினால் ஏறத்தாழ 201. இந்தக் கணக்கை ஒரு வாசகர் ஏன் போட வேண்டும்? கோடுகள் நூறு நூறாக இருந்திருந்தால் பட்டை 200-ஐத் தொட்டு நிற்பது பார்த்ததுமே தெரிந்திருக்கும். அப்புறம், அச்சு 13-இல் தொடங்கியதால், 13 புத்தகம் போன மாதத்துக்குப் பட்டையே இல்லை! அந்த மாதம் நூலகம் மூடியிருந்தது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பட்டை வரைபடம் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

வழி எளியது. 474-ஐ ஐந்து பாகமாக்கினால் ஒரு பாகம் 94.8. அதை 1, 2, 5 அல்லது இவற்றின் பத்து, நூறு மடங்குகளில் பக்கத்தில் இருக்கும் எண்ணுக்கு மாற்றுங்கள்: 100. 13-க்குக் கீழே உள்ள நூறின் மடங்கு 0, 487-க்கு மேலே உள்ளது 500. அச்சு முடிந்தது. நடுவில் மெல்லிய கோடு வேண்டுமென்றால் இருபது இருபதாகப் போடலாம். மூன்றாகப் பிரித்தால் மறுபடி 33.3 வந்து நிற்கும். 1990-லேயே கணினி வரைகலை வல்லுநர் பால் ஹெக்பர்ட் இந்த வழியைச் சில வரி நிரலாக எழுதி வெளியிட்டுவிட்டார்.

இயற்பியல் ஆய்வகத்தில் பல வருடம் மாணவர்களுக்கு வரைபடத்தாளில் அளவுத்திட்டம் சொல்லிக் கொடுத்தவன் நான். ஒரு சென்டிமீட்டருக்கு 3 அலகு என்று எடுத்த மாணவருக்கு ஒவ்வொரு சிறு கட்டமும் 0.3 ஆகிவிடும். 7-ஐக் குறிக்க 23-ஆவது கட்டத்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்கு போக வேண்டும். கை தவறாமல் இருக்குமா? புள்ளிகள் கோட்டை விட்டு விலகி நிற்கும். பரிசோதனை சரி, அளவுத்திட்டம்தான் தவறு என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

இது முதல் தடவையும் இல்லை. முன்பொரு முறை ஒரு நாளின் வெப்பநிலையை 0, 5, 10, 15, 20 மணி என்று பிரித்திருந்தீர்கள். நண்பகல் எந்தக் கோட்டிலும் விழவில்லை. மணிக் கணக்குக்குப் பத்தின் வழி பொருந்தாது. 24-ஐ மீதியின்றி வகுக்கும் 3, 4, 6 ஆகியவைதான் சரி. இன்னொரு முறை அச்சில் 0, 3, 5, 8, 10 என்று இருந்தது. கோடுகள் சம தூரத்தில் நிற்க, எண்கள் மட்டும் மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று நகர்ந்தன. உண்மையில் அவை 2.5-க்கு ஒரு கோடு. தசமத்தை மறைத்ததால் 2.5 என்பது 3 ஆகவும் 7.5 என்பது 8 ஆகவும் அச்சேறிவிட்டன. அது படிக்கச் சிரமம் மட்டுமல்ல, பொய். அப்போதும் எழுதினேன். பதில் வரவில்லை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் அதே படத்தை 0 முதல் 500 வரை, நூறு நூறாகக் கோடு போட்டு ஒரு முறை வெளியிடுங்கள். அந்த வாசகருக்கும் அப்போது பதில் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்