தொலைந்து, காலாவதியாகித் திரும்பி வந்த வரைவோலைகள்: பணத்தைத் திருப்பித் தராதது குறித்த புகார்

தென்காசி,
06.10.2025

அனுப்புநர்:
தங்கள் வங்கியின் தென்காசிக் கிளையில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கையாளர்

பெறுநர்:
முதன்மைக் குறைதீர் அலுவலர் அவர்கள், தங்கள் வங்கியின் தலைமை அலுவலகம்

பொருள்: 05.06.2025 தேதியிட்ட ரூ.62,400 மற்றும் ரூ.1,500 மதிப்புள்ள இரு வரைவோலைகளை ரத்து செய்து, தாமதத்துக்கான வட்டியுடன் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டுதல்.

ஐயா,

என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக ரூ.62,400-க்கு ஒன்றும், விடுதி விண்ணப்பத்துக்காக ரூ.1,500-க்கு ஒன்றுமாக இரண்டு வரைவோலைகளை, 05.06.2025 அன்று எங்கள் ஊர்க் கிளையில் என் கணக்கிலிருந்து பணம் கழித்து வாங்கினேன். இரண்டும் கோயம்புத்தூரில் மாற்றத்தக்கவை. இரண்டிலும் இடது மூலையில் கணக்கில் மட்டும் செலுத்துவதற்கான இரட்டைக் கோடு இருந்தது. வாங்கியவர் என்ற இடத்தில் என் பெயரும் அச்சாகியிருந்தது. மறுநாள் ஒரே உறையில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்பினேன். 09.06.2025 அன்று பட்டுவாடா ஆகிவிட்டதாக அஞ்சல் துறையின் இணையதளம் காட்டியது. ஆனால் 16-ஆம் தேதி கல்லூரி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, அப்படி ஓர் உறை தங்களுக்கு வரவே இல்லை என்றார்கள்.

17.06.2025 காலை கிளை திறந்ததும், வரைவோலைகளின் அடிக்கட்டைகளையும் எழுத்து மூலமான விண்ணப்பத்தையும் எடுத்துக்கொண்டு சென்றேன். முகப்பில் இருந்த அலுவலர், "டி.டி.க்கெல்லாம் ஸ்டாப் பேமெண்ட் கிடையாது, அது செக்குக்குத்தான்" என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பித் தந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை நான் மறுக்கவில்லை. காசோலை என்பது என் கணக்கிலிருந்து பணம் கொடுக்கும்படி வங்கிக்கு நான் இடும் உத்தரவு. அதை நானே நிறுத்தலாம். வரைவோலை அப்படியல்ல. அதில் பணம் தருவதாக உறுதியளிப்பது வங்கியே. ஆகவே பெறுபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்த ஒரு வரைவோலையை, அவரோடு எனக்குப் பிணக்கு என்ற காரணத்துக்காக நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நான் கேட்டது அதுவன்று. வரைவோலை தொலைந்துவிட்டது, யாராவது அதைக் கொண்டுவந்தால் விசாரிக்காமல் பணம் கொடுத்துவிட வேண்டாம் என்ற எச்சரிக்கையைத் தங்கள் கணினியில் அந்த எண்களுக்கு எதிரே பதிவு செய்யுங்கள் என்றுதான் கேட்டேன். கிளைகள் எல்லாம் ஒரே கணினி அமைப்பில் இணைந்திருக்கும் இந்நாளில், ஓரிடத்தில் செய்யும் பதிவு எல்லாக் கிளைகளுக்கும் தெரிந்துவிடும். மேலாளரைப் பார்த்துப் பேசிய பிறகே விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு, நகலில் தேதியுடன் முத்திரை வைத்துத் தந்தார்கள். அப்படியும் அந்தப் பதிவைச் செய்தது 27-ஆம் தேதிதான். அன்று நான் மீண்டும் போய்க் கேட்டபோது, அலுவலர் என் கண் முன்னே எண்களைத் தட்டி, திரையைத் திருப்பி என்னிடம் காட்டினார். இரட்டைக் கோடு இருந்ததால் வேறொருவர் பணமாக்குவது கடினம் என்ற ஆறுதல் எனக்கு இருந்தது உண்மை. ஆனால் எச்சரிக்கை கொடுத்த பின்னும் பத்து நாட்கள் அந்த வரைவோலைகள் எந்தத் தடையும் இல்லாமல் வெளியே கிடந்தன என்பதும் உண்மை.

நகல் வரைவோலைக்காகக் கிளை கேட்டவற்றில் நியாயமான எதற்கும் நான் தயங்கவில்லை. பட்டுவாடா ஆனதாக அஞ்சல் துறை காட்டியதால், பணம் பெறப்படவில்லை என்று கல்லூரியிடமிருந்து கடிதம் கேட்டார்கள். அது சரியான கேள்வியே, 20.06.2025 அன்று அக்கடிதத்தைக் கொடுத்தேன். அதே நாளில் முத்திரைத்தாளில் ஈட்டுறுதிப் பத்திரமும் எழுதிக் கொடுத்தேன். நகலைக் கொடுத்த பிறகு அசல் எங்கிருந்தோ வந்து அதற்கும் பணம் போய்விட்டால், அந்த இழப்பை நான் ஈடு செய்வேன் என்பதே அப்பத்திரத்தின் பொருள். நகல் கட்டணமாக வரைவோலை ஒன்றுக்கு ரூ.118 வீதம் ரூ.236-ஐ அன்றே என் கணக்கில் கழித்துக்கொண்டார்கள். இவ்வளவும் முடிந்த பின், கோயம்புத்தூர்க் கிளையிலிருந்து பணம் வழங்கப்படவில்லை என்ற தகவல் வர வேண்டும் என்று சொல்லியே வாரக்கணக்கில் காக்க வைத்தார்கள்.

இந்த இடத்தில் ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை அறிவுறுத்தல்கள் இரண்டைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ரூ.5,000 வரையுள்ள வரைவோலை தொலைந்தால், பணம் வழங்க வேண்டிய கிளையின் தகவலுக்காகக் காத்திராமல், போதிய ஈட்டுறுதியைப் பெற்றுக்கொண்டு வாங்கியவருக்கு நகல் கொடுக்கலாம் என்பது ஒன்று. அதன்படி ரூ.1,500 வரைவோலையின் நகல் ஜூன் 20-ஆம் தேதியே என் கைக்கு வந்திருக்க வேண்டும். மற்றொன்று, வாங்கியவரோ பெறுபவரோ கேட்ட இரண்டு வாரங்களுக்குள் நகலைக் கொடுக்க வேண்டும், தாமதமானால் அத்தாமத காலத்துக்கு உரிய வைப்புத்தொகை வட்டியைக் கொடுக்க வேண்டும் என்பது. பின்புறம் எழுதிக் கையொப்பமிட்டு மூன்றாம் நபருக்கு மாற்றிக் கொடுத்த வரைவோலைக்கு இந்த இரண்டு வாரக் கெடு பொருந்தாது. என்னுடையவை அப்படிப்பட்டவை அல்ல. வாங்கியவளாகிய நானே கேட்டேன், ஜூலை 1-ஆம் தேதியோடு கெடு முடிந்தது, நகல் வரவில்லை. கட்டணத்துக்குக் கடைசி நாள் ஜூன் 30 என்பதால், அன்று நகைகளை அடகு வைத்துப் பணம் புரட்டி, நெஃப்ட் மூலம் கல்லூரிக்கு அனுப்பினேன். அந்த அடகுக்கு இன்றுவரை வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையே 12.09.2025 அன்று, தொலைந்ததாக நினைத்த உறை என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. கல்லூரி இருக்கும் அதே வளாகத்தில், அதே அறக்கட்டளை நடத்தும் பாலிடெக்னிக்கின் அலுவலகத்தில் அது மூன்று மாதங்கள் பிரிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. வாயிற்காவலர் கையெழுத்திட்டு வாங்கி, தவறான அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார். கட்டணம் ஏற்கெனவே வந்துவிட்டதால் வரைவோலைகள் தேவையில்லை, அவற்றை ரத்து செய்வதில் ஆட்சேபம் இல்லை என்ற கல்லூரியின் கடிதமும் உடன் இருந்தது. இரண்டு வரைவோலைகளும் நான் மடித்து வைத்த மடிப்புக்கூடக் கலையாமல், பின்புறம் எந்த எழுத்தும் இன்றி இருந்தன. ஆனால் அவற்றின் ஆயுள் முடிந்திருந்தது. 01.04.2012 முதல் வரைவோலைகளுக்கும் காசோலைகளுக்கும் செல்லுபடிக் காலம் தேதியிலிருந்து மூன்று மாதங்கள்தான். என்னுடையவை செப்டம்பர் தொடக்கத்திலேயே காலாவதியாகிவிட்டன.

15.09.2025 அன்று அசல்களுடன் கிளைக்குச் சென்றேன். எனது புகாரின் மையம் அங்கே நடந்ததுதான். தொலைந்ததாகப் பதிவு இருப்பதால் காலத்தை நீட்டித்துப் புதுப்பிக்கவோ ரத்து செய்யவோ முடியாது என்றார் ஒருவர். அசல் கிடைத்துவிட்டதால் இனி நகல் கொடுக்க முடியாது என்றார் மற்றொருவர். காலாவதியான வரைவோலையின் பணம் தானாகவே கணக்குக்குத் திரும்பிவிடும், பொறுத்திருங்கள் என்றார் மூன்றாமவர். மூன்று வாரங்களாகப் பொறுத்திருந்தேன். நேற்று அச்சிட்டுப் பார்த்த பாஸ்புக்கில் அப்படி ஒரு வரவும் இல்லை.

மூன்றாமவர் சொன்னதே என்னை மிகவும் கலங்க வைத்தது, ஏனெனில் அதை நம்பி வீட்டில் இருந்துவிடுபவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். வரைவோலை காலாவதியாவதால், அதைக் காட்டிப் பணம் பெறும் வழி மட்டுமே அடைபடுகிறது. வங்கி தர வேண்டிய கடன் தீர்ந்துவிடுவதில்லை, அது தானாக வாங்கியவரின் கணக்குக்குப் போவதும் இல்லை. வழங்க வேண்டிய வரைவோலைகள் என்ற கணக்கில் அந்தப் பணம் தங்களிடமே நிற்கிறது. கேட்பாரற்றுப் பத்து ஆண்டுகள் கிடந்தால், ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பிறகும் உரியவர் தங்கள் வங்கியிடம் கேட்டுப் பெறலாம். அசல் கையில் இருக்கும்போது வாங்கியவருக்கு உள்ள வழி எளியது. வழங்கிய வங்கியிடம் அசலைக் கொடுத்து, எழுத்து மூலம் விண்ணப்பித்து, புதிய தேதியிட்டுச் செல்லுபடியைப் புதுப்பித்துக் கொள்ளலாம். அல்லது ரத்து செய்து பணத்தைக் கணக்கில் பெறலாம். பெறுபவர் தாமாகத் தேதியைத் திருத்தி எதுவும் செய்ய இயலாது.

தொலைந்ததாகச் செய்த பதிவு இதற்குத் தடையாக நிற்க வேண்டிய காரணம் எனக்கு விளங்கவில்லை. தவறானவர் கைக்குப் பணம் போகாமல் காப்பதற்காக நான் கேட்டுச் செய்த பதிவு அது. நகல் வழங்கப்படாத நிலையில், அசலைத் தங்களிடமே ஒப்படைக்கும்போது, அந்த எண்களைச் சரிபார்த்துப் பதிவை நீக்கிவிட்டு அடுத்த வேலையைச் செய்யலாம். நகல் வழங்கியிருந்தால் கணக்கு வேறு; அப்போது அசல் வெறும் தாள், அதைத் தங்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். என் விஷயத்தில் ஒரே தொகைக்கு இரண்டு தாள்கள் ஒருபோதும் இருந்ததில்லை.

ஆகவே, இழப்புப் பதிவை நீக்கி, இரு வரைவோலைகளையும் ரத்து செய்து, ரூ.63,900-ஐ என் கணக்கில் வரவு வைக்கவும், நகலே வழங்காமல் கழித்த ரூ.236-ஐத் திருப்பித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். கெடு முடிந்த ஜூலை 1 முதல் அசல் திரும்பி வந்த செப்டம்பர் 12 வரை 73 நாட்கள் ஆகின்றன. அந்தக் காலத்துக்குக் கிளையின் பலகையில் எழுதியிருந்த 4.5 சதவீத வட்டியில் கணக்கிட்டால், பெரிய வரைவோலைக்கு ரூ.561.60-ம் சிறியதற்கு ரூ.13.50-ம் ஆக ரூ.575.10 வருகிறது. அடகு வட்டியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகையே. ஆனாலும் விதிப்படி தர வேண்டியது என்பதால் கேட்கிறேன். செப்டம்பர் 15-க்குப் பிறகான தாமதத்துக்கும் உரிய ஈட்டைத் தாங்களே கணித்துச் சேர்க்க வேண்டும். நான் எழுதிக் கொடுத்த ஈட்டுறுதிப் பத்திரம் இனித் தேவையற்றது என்பதால், அதையும் ரத்து எனக் குறிப்பிட்டு என்னிடம் திருப்பித் தர வேண்டும்.

இரு வரைவோலைகளின் ஒளிநகல்கள், முத்திரையிட்ட விண்ணப்பத்தின் நகல், கல்லூரியின் இரு கடிதங்கள், கட்டணம் கழிக்கப்பட்ட பாஸ்புக் பக்கம் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். அசல் வரைவோலைகளை அஞ்சலில் அனுப்ப மனம் துணியவில்லை. கிளையில் ஒப்புகை பெற்றுக்கொண்டு நேரில் தருகிறேன். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் முடிவு தெரியாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இதே ஆவணங்களுடன் முறையிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

நகல்: கிளை மேலாளர், தென்காசிக் கிளை