இரண்டாம் பக்கத்தில் ஏழு வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ரெஸ்யூமை அண்ணன் எனக்கு அனுப்பினான். அவனைத் திட்டாதே, கேட்டு வாங்கியது நான்தான். இருபது வருடம் விண்ணப்பங்களைப் பிரித்துப் போட்டவனிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம். சரி, விடு.

முதல் பக்கம் நிரம்பி, இரண்டாம் பக்கத்தில் ஏழு வரி தொங்குகிறது. பள்ளி மதிப்பெண், பொழுதுபோக்கு, தெரிந்த மொழிகள். இந்த ஒன்றேகால் பக்கம்தான் எனக்குப் பிடிக்காத அளவு. எதை வெட்டுவது என்று இவர் முடிவு செய்யவில்லை என்றுதான் படிக்கிறவருக்குத் தோன்றும். அதற்காக எழுத்தைச் சுருக்கி ஒரே பக்கத்தில் திணிக்காதே. பத்துப் புள்ளிக்குக் கீழே போனால் கண் ஓடாது.

ஆறு வருட அனுபவத்துக்கு ஒரு பக்கம் பெரும்பாலும் போதும். ஆனால் வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதே, நீ விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தை அருகில் வைத்துக்கொள். அவர்கள் அழுத்திக் கேட்பது இரண்டே விஷயம்: ஆட்டோமேஷன் டெஸ்டிங், சின்னக் குழுவை நடத்திய அனுபவம். நீயோ முதல் வேலையில் இரண்டு வருடம் கையால் டெஸ்டிங் செய்ததற்கு எட்டு வரி கொடுத்திருக்கிறாய். ஆட்டோமேஷன் செய்த நான்கு வருடத்துக்கு ஐந்தே வரி. நீ மூன்று பேரை வழிநடத்தியது கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது. (அதைப் படித்துவிட்டு அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.) அதை மேலே கொண்டுவா, பழைய வேலையை இரண்டு வரியாக்கு. பள்ளி மதிப்பெண்ணையும் பொழுதுபோக்கையும் எடுத்துவிடு, மொழிகளை ஒரே வரியில் சேர். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

வேறொரு விளம்பரம் ஒவ்வொரு புராஜெக்டையும், பயன்படுத்திய கருவிகளையும் விவரமாகக் கேட்டால், அப்போது இரண்டு பக்கம் தப்பில்லை. ஆனால் இரண்டாம் பக்கம் பாதிக்கு மேல் நிரம்ப வேண்டும். அதன் தலையில் உன் பெயர் இருக்கட்டும். முக்கியமானது முதல் பக்கத்திலேயே வந்துவிட வேண்டும், அடுத்த பக்கத்தைப் புரட்டாமலே ஒதுக்குகிறவர்கள் உண்டு. நானே ஒதுக்கியிருக்கிறேன்.

அப்புறம், இப்போதைய வேலைக்கு நேரே ‘மார்ச் வரை’ என்று இருக்கிறது. தட்டச்சுப் பிழையா என்று பார்த்துக்கொள். போன வாரம்கூட ஆபீஸில் வேலை அதிகம் என்றாய்.

பிழை இல்லையென்றால் அதை அப்படியே விடு. நீ பிறப்பதற்கு முன்னால் நான் ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தேன். ரெஸ்யூமில் மாதங்களை எடுத்துவிட்டு வருடங்களை மட்டும் போட்டேன். இடைவெளி கண்ணில் படக்கூடாதென்று ஒரு பக்க விஷயத்தை இரண்டு பக்கத்துக்கு இழுத்தேன். நேர்காணலில் முதல் கேள்வியே அந்த ஏழு மாதம்தான். பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டதாக வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஒரு பக்கமாக்கி எனக்கு அனுப்பு. இரவு பதினொன்று வரை விழித்திருப்பேன். ரெஸ்யூமைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமென்றில்லை.

அப்பா