கருத்த தோல் ‘நிறம் கம்மி’ அல்ல: படக் களஞ்சியக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் மனிதச் சித்திரங்களைத் தயாரிக்கும் குழுக்களுக்கும், அந்தச் சித்திரங்களின் நிறப் பட்டியலைப் பராமரிக்கும் டிசைன் சிஸ்டம் குழுக்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கோப்புகளில் தோலுக்கென்று ஐந்தாறு வண்ணக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு ஹெக்ஸ் குறியீடு. உருவத்தை ஒருமுறை வரைந்துவிட்டு அந்தக் கட்டங்களை மாற்றி மாற்றி ஊற்றினால் எல்லாரும் படத்துக்குள் வந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்கிறோம். அந்த முறையில்தான் பழுது இருக்கிறது என்பதைக் காட்டவும், அதை எப்படிச் சரிசெய்வது என்று சொல்லவும் இதை எழுதுகிறோம்.

முதலில் கருத்த நிறங்கள் பட்டியலுக்குள் எப்படி வருகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் வெளிர் தோலை முதலில் முடித்துவிட்டு, அதன் மேல் ஒரு கறுப்பு லேயரைப் போர்த்தித்தான் மற்றவற்றை உண்டாக்குகிறார்கள். `#F1C9A5` என்ற வெளிர் நிறத்தின் மேல் 60 சதவீதக் கறுப்பைப் போட்டால் `#605042` கிடைக்கும். இதை, தோல் நிறங்களைப் பத்துப் படிகளாகப் பிரிக்கும் மாங்க் தோல் நிற அளவுகோலின் எட்டாம் நிறமான `#604134` பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சிவப்பின் அளவு ஒன்றுதான், 96. ஆனால் முதலாவதில் பச்சை 80, நீலம் 66. இரண்டாவதில் பச்சை 65, நீலம் 52. இந்தச் சிறிய வேறுபாட்டால்தான் முதலாவது சாம்பல் பூத்து நிற்கிறது, இரண்டாவது தோலாகத் தெரிகிறது.

காரணம் எளியது. கறுப்பைப் போர்த்தினால் மூன்று வண்ணங்களும் ஒரே விகிதத்தில் குறையும். செறிவு இருந்த இடத்திலேயே நிற்கும். கலர் பிக்கரை HSB முறையில் வைத்து S என்ற எண்ணைப் பாருங்கள்: மூல நிறத்தில் 32, போர்த்திய பிறகு 31. மாங்கின் எட்டாம் நிறத்தில் அது 46. அந்த அளவுகோல் முழுவதிலும் செறிவு ஒரு வில்லைப் போல ஏறி இறங்குகிறது: முதல் நிறத்தில் 7, ஐந்தாவதில் 30, ஏழாவதில் 48, பத்தாவதில் 22. சாயலும் ஐந்தாவதிலிருந்து எட்டாவதுக்குப் போகப் போகச் சிவப்புப் பக்கம் நகர்கிறது. ‘கொஞ்சம் நிறம் கம்மி’ என்று நம் பேச்சில் சொல்கிறோமே, அளந்து பார்த்தால் ஐந்திலிருந்து எட்டு வரை அதற்கு நேர் எதிர்தான் உண்மை. கறுப்பு லேயர் அந்தப் பேச்சை அப்படியே கோப்புக்குள் கொண்டுவந்துவிடுகிறது. விளைவாக, ஒரே படத்தில் வெளிர் தோல்காரர் உயிரோட்டத்துடன் இருக்க, அருகில் நிற்பவர் நோயாளி போலத் தெரிகிறார். வரைந்தவர் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் பார்ப்பவர் கண்ணில் அதுதான் விழுகிறது.

எந்த அளவுகோலைத் தொடக்கமாக எடுப்பது என்பதும் முக்கியம். ஃபிட்ஸ்பாட்ரிக் வகைப்பாடு 1975-இல் தோல் மருத்துவத்துக்காக உருவானது. வெயிலில் தோல் எரிகிறதா, கருக்கிறதா என்பதே அதன் கேள்வி. முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகைகள் இருந்தன, கருத்த தோலுக்கான வகைகள் பிறகுதான் சேர்ந்தன. 2015-இல் வந்த யூனிகோடு 8.0 எமோஜிகளுக்கு ஐந்து நிறங்களைத் தந்தபோது இதையே அடிப்படையாகக் கொண்டது. நிறத்தைப் பற்றிக் கேட்காத ஒரு கருவியை நிறப் பட்டியலாக்கியது அது. சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் உருவாக்கி 2022-இல் வெளியான பத்து நிற அளவுகோல் இந்த வேலைக்கு இன்னும் பொருத்தமானது. அதிலும் ஓர் இடைவெளி உண்டு. ஐந்தாம் நிறம் `#D7BD96`, ஆறாம் நிறம் `#A07E56`; நடுவே ஒரு படி விட்டுப்போனதுபோல் இருக்கும். மாநிறத்தவர் பலர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறார்கள். அங்கே நீங்களே ஒன்றிரண்டு நிறங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாங்கின் அளவுகோல் படங்களை மதிப்பிடுவதற்கானது. ஓவியருக்கு அது தொடக்கப்புள்ளி, அதற்கு மேல் இல்லை.

இனி எங்கள் முக்கியமான கோரிக்கை: ஒரு தோல் நிறத்துக்கு ஒரு குறியீடு போதாது, ஆறு வேண்டும். அடிநிறம், நிழல், மினுமினுப்பு, கன்னச் சிவப்பு, கோடு, உள்ளங்கை. எட்டாம் நிறத்துக்கு இப்படி எழுதலாம்:

```css
--skin-8-base:  #604134;
--skin-8-shade: #43271F;
--skin-8-shine: #A68B88;
--skin-8-blush: #7A3431;
--skin-8-line:  #D7BD96;
--skin-8-palm:  #B07F68;
```

மினுமினுப்பைக் கவனியுங்கள். அது அடிநிறத்தின் வெளிறிய பதிப்பு அல்ல. தோலின் மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பும் ஒளி அது. மெலனினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெளிர் தோலில் உள்ளிருந்து வரும் ஒளியே அதிகம் என்பதால் இது கரைந்துவிடும். கருத்த தோலில் அதே அளவு ஒளி தனியாக எடுத்துத் தெரியும், அதுவும் விளக்கின் நிறத்திலேயே தெரியும். அதனால்தான் மேலே அது சற்றுக் குளிர்ந்த, செறிவு குறைந்த நிறமாக இருக்கிறது. இதைச் செம்பழுப்பில் வைத்தால் முகம் களிமண் பொம்மைபோல் ஆகிவிடும். ஒன்பதாம், பத்தாம் நிறங்களில் நிழலுக்குக் கீழே இறங்க இடமே இல்லை. அங்கே மூக்கின் தண்டையும் கன்ன எலும்பையும் மினுமினுப்பால் மட்டுமே எழுப்ப வேண்டும். வெளிர் தோலில் முகத்தை நிழல் செதுக்குகிறது, கருத்த தோலில் ஒளி செதுக்குகிறது. ஒரே நிழல் லேயரை எல்லாருக்கும் பயன்படுத்தும் கோப்பு இந்த இடத்தில்தான் உடைகிறது.

கோடு அதைவிடக் கறாரான விஷயம். கறுப்புக் கோடு எட்டாம் நிறத்தின் மேல் 2.3:1 ஒளிர்வு வேறுபாடுதான் தரும். ஒன்பதாம் நிறமான `#3A312A` மேல் வெறும் 1.65:1. புன்னகையும் மூக்கும் அங்கே காணாமல் போகின்றன. முகமே இல்லாத ஒரு கரிய உருவம் மிஞ்சுகிறது. இடைமுகப் படங்களுக்கு அணுகல்தன்மை விதிகள் கேட்கும் 3:1 என்ற எல்லையையே அளவாகக் கொள்ளுங்கள். ஒன்பதாம் நிறத்தின் மேல் `#A07E56` கோடு 3.4:1 தரும், எட்டாம் நிறத்துக்கு `#D7BD96` போட்டால் 5:1 வரும். சோதிக்க ஒரு வழி: படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி 32 பிக்சலுக்குச் சுருக்குங்கள். வெளிர் முகத்தில் சிரிப்பு தெரிந்து, பக்கத்து முகத்தில் தெரியாவிட்டால் கோட்டு நிறம் தவறு.

கன்னத்துக்கு இளஞ்சிவப்பைக் கருத்த தோலில் ஒட்டினால் அது பூசிய சாயம். இரத்தம் ஏறும்போது அங்கே தெரிவது ஆழ்ந்த திராட்சைச் சிவப்பு. உள்ளங்கையும் உள்ளங்காலும் எந்தக் கருத்த தோலிலும் வெளிறியே இருக்கும். கைபேசியைப் பிடித்த கை, கையசைக்கும் கை என்று இடைமுகப் படங்களில் கைகளுக்குக் குறைவே இல்லை, ஆனாலும் இதை மறக்காத கோப்பு அரிது.

பின்னணிக்கு வருவோம். சுயவிவரப் படங்கள் வட்டத்துக்குள் உட்காருகின்றன. `#121212` என்ற இருள் பின்னணியில் பத்தாம் நிறமான `#292420` 1.2:1 ஆகிவிடுகிறது, வெள்ளைப் பின்னணியில் முதல் நிறமான `#F6EDE4` அதே கதிதான். உடனே பலர் செய்வது, கருத்த தோலைக் கொஞ்சம் வெளுப்பது. அதைச் செய்யாதீர்கள், பட்டியலில் அந்த மனிதருக்கு இருந்த ஒரே இடமும் போய்விடும். பின்னணியை மாற்றுங்கள். கருத்த தோலுக்கு ஒரு வட்டம், வெளிர் தோலுக்கு வேறொரு வட்டம் என்று பிரிப்பதும் வேண்டாம், அது ஆளைத் தோலால் முத்திரை குத்துவதாகிவிடும். எல்லாருக்கும் ஒரே வட்டம் `#2F4858`, எல்லா உருவங்களைச் சுற்றியும் ஒரே வெளிர் ஓரம் `#E6EEF3`, 2 பிக்சல் தடிமன். வெளிர் தோல் வட்டத்தை எதிர்த்துத் தெரியும், கருத்த தோலை ஓரம் எடுத்துக்காட்டும், வட்டத்தோடு 2.6:1 மட்டுமே வரும் ஆறாம் நிறத்துக்கும் ஓரம் 3.2:1 கொடுத்து எல்லையைக் காப்பாற்றிவிடும்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ஆசியர், ஆப்பிரிக்கர் என்று குறியீடுகளுக்குப் பெயரிடாதீர்கள். கண்டத்துக்கு ஒரு நிறம் என்பது 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் வகுத்த வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டியலின் மிச்சம். கிழக்காசிய முகத்துக்கு மஞ்சளும் அமெரிக்கப் பூர்வகுடிக்குச் சிவப்பும் இன்றும் ஊற்றப்படுவது அங்கிருந்து வருவதுதான். சாக்லேட், தேன் போன்ற உணவுப் பெயர்களும் வேண்டாம். ‘இயல்பு’, ‘தோல்நிறம்’ என்பவை ஒரு நிறத்தை மட்டும் மனிதத் தோலாக்குகின்றன. ஒரு வண்ணக் குச்சி நிறுவனம் ‘ஃபிளெஷ்’, அதாவது சதை, என்று பெயரிட்டிருந்த இளஞ்சிவப்பை 1962-இலேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. எண் போதும்.

நிறத்தொகுப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாருக்கு எந்த நிறம் என்பதில் பழைய வழக்கம் திரும்பி வந்துவிடும். அதனால் நிறம் ஊற்றும் முன் காட்சியை ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள்: ‘ஒருவர் கணக்கு விளக்குகிறார், ஒருவர் கேட்கிறார், ஒருவர் பொட்டலம் கொண்டுவருகிறார்’. பிறகு ஒன்று முதல் பத்து வரை சீட்டுக் குலுக்கி நிறம் கொடுங்கள். ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்தால் எதுவும் தப்பாகத் தெரியாது. முழுக் களஞ்சியத்தையும் ஓர் அட்டவணையில் போட்டால்தான் தெரியும். நெடுவரிசைகள் நான்கு: படம், நிறம், கொடுப்பவரா பெறுபவரா, முன்வரிசையா பின்வரிசையா. எட்டுப் படங்கள் மட்டுமே இருந்தால் குலுக்கலே தற்செயலாக ஒருபக்கம் சாயும். அப்போது கையால் மாற்றுங்கள். ஒரு குடும்பத்தை வரையும்போது அனைவருக்கும் ஒரே எண் கொடுக்காதீர்கள், உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே ஒன்றிரண்டு படி வேறுபாடு இயல்பு.

தப்பிக்கும் வழியாக ஊதா, நீலத் தோல் பலருக்குப் பிடித்திருக்கிறது. மூக்கும் முடியும் உடையும் அப்படியே இருந்தால் ஊதா உருவமும் பழைய வெளிர் உருவம்தான்.

அடுத்த வெளியீட்டில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கும் மிகக் கருத்த நிறம் ஒன்றை மட்டும் எடுங்கள். அதன் S எண்ணை உங்கள் முதல் வெளிர் நிறத்தின் S எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாக இருந்தால் அது போர்த்திய கறுப்புதான் என்று சந்தேகியுங்கள். அந்த ஒன்றுக்கு ஆறு குறியீடுகளை எழுதி, அதே முகத்தை 32 பிக்சலில் மறுபடி வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
சில ஓவியர்களும் இடைமுக வடிவமைப்பாளர்களும்