யாரும் சொல்லிக்கொடுக்காததை எப்படிச் செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், வீடு தேடி வந்து பிசியோதெரபியும் நர்சிங்கும் செய்யும் நிறுவனங்களைப் பற்றிக் கட்டுரை போட்டிருந்தீர்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று நம் பக்கத்து ஊர்களையும் சேர்த்து எழுதியிருந்ததில் சந்தோஷம். ஆனால் பல முதியவர்கள் தேறாமல் போவதற்குக் குடும்பத்தினர் ஒத்துழைக்காததுதான் காரணம் என்று ஒரு நிறுவனத்தை நடத்துபவர் சொன்னதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

நான் வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டிக் கரையோரக் கிராமத்தில் இருக்கிறேன். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் ஒரு நிறுவனத்தில் பத்து முறை வருவதற்குச் சேர்த்து முன்பணம் கட்டினோம். வண்டிச் செலவு தனி. ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆள் வருவார். போன தடவை வந்தவர் என்ன செய்தார் என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது, என்னிடம்தான் கேட்பார். கைக்குக் கரண்ட் வைத்துவிட்டு இருபது நிமிடம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு காலை நாலு தடவை மடக்கி நீட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நின்றால் வரமாட்டார்.

அவர் இருப்பது முக்கால் மணி நேரம். மீதி நாள் முழுக்க அத்தையைத் தூக்குவது, உட்கார வைப்பது, கழிப்பறை நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் நானும் என் நாத்தனாரும்தான். நாங்கள் எப்படித் தூக்குகிறோம் என்று வந்தவர்களில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. எல்லா வீட்டிலும் செய்வதுபோல நாங்களும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கை கொடுத்து அத்தையைத் தூக்கினோம். இதில் ஒரு நாள் வந்த தம்பி, ஜன்னல் கம்பியில் சின்னக் கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து விழுந்த கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிவிட்டுப் போனார். அத்தையும் வலியைப் பொறுத்துக்கொண்டு இழுத்தார்கள். பெரியவர்களுக்குத் தேறிவிட வேண்டும் என்ற ஆசை நம்மைவிட அதிகம்.

கொஞ்ச நாளில் தோளைத் தொட்டாலே அலற ஆரம்பித்தார்கள். ரவிக்கை போட முடியவில்லை, இரவில் தூக்கமும் இல்லை. நிறுவனத்துக்குப் போன் செய்தால், பயிற்சியை நிறுத்தாதீர்கள், வலி போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள்.

சரியாகவில்லை. என்ன நடந்தது என்று புரிய வைத்தவர், 2021-ல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் எங்கள் ஊருக்கு வந்த பிசியோ பெண். அத்தையை உட்கார வைத்து, இடது தோளின் மேல் எலும்பு முனைக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார். ஒரு விரல் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம். வலது பக்கம் அது இல்லை. தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது, தாம்பாளத்தில் வைத்த எலுமிச்சம்பழம் மாதிரிதான் கை எலும்பு அதில் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது சுற்றியுள்ள தசைதான் என்றார். பக்கவாதத்தில் அந்தத் தசை தொய்ந்துவிட்டால் கையின் கனமே மூட்டைக் கீழே இழுத்துவிடும். அதன் மேல் நாங்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியது மூட்டை இன்னும் இழுத்திருக்கிறது. கப்பியையும் அன்றே கழற்றச் சொன்னார். கை மேலே போகும்போது முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பும் சேர்ந்து சுழல வேண்டும். விழுந்த பக்கத்தில் அது சரியாகச் சுழலாது. அப்போது கையை மட்டும் கயிற்றால் இழுத்தால் உள்ளே இருக்கும் சதை எலும்புகளுக்கு நடுவில் நசுங்கும்.

அப்புறம் எழுப்பி உட்கார வைக்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் அத்தையே வலது கையால் இடது கையை எடுத்து மார்பின் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். முட்டிகளை மடக்கி வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் கால் கனத்தாலேயே உடம்பு எழும்ப ஆரம்பிக்கும். அத்தை வலது முழங்கையை ஊன்றி எழும்போது நம் ஒரு கை முதுகில் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால், இன்னொரு கை இடுப்பில். அக்குளிலும் கூடாது, கையைப் பிடித்தும் இழுக்கக் கூடாது. உட்கார்ந்ததும் இடது முழங்கைக்கும் முன்கைக்கும் கீழே தலையணை, கை தொங்கவே கூடாது. எங்கள் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்திருந்தது. அதில் முழங்கையை ஊன்றினால் புதையும் என்று சொல்லி, விசுப்பலகைக்கு மாற்றச் சொன்னார்.

இதையெல்லாம் தான் செய்து காட்டிவிட்டு, என்னைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். நாத்தனாரையும் செய்யச் சொன்னார். பைசா வாங்கவில்லை. தோள் பழையபடி ஆகவில்லை, பள்ளம் இன்னும் இருக்கிறது. ஆனால் வலி நன்றாகக் குறைந்து அத்தை தூங்குகிறார்கள், யாருடைய உதவியும் இல்லாமல் ஒருக்களித்துப் படுக்கிறார்கள். பணம் வாங்கியவர்கள் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அந்தத் தோள் இவ்வளவு கெட்டிருக்காது. அவர்கள் கடைசியில் எங்களுக்குக் கொடுத்தது ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை, ஆசிரியர் அவர்களே. என் அப்பா வேதாரண்யம் பக்கத்தில் படுக்கையாய்க் கிடந்தபோது காற்றுப்படுக்கையை வாடகைக்கு எடுத்தோம். இது இருந்தால் புரட்டிப் படுக்க வைக்கவே வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மோட்டார் நின்று படுக்கை சப்பையாகிவிட்டது. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் கறுத்துக் கொஞ்சம் சூடாகவும் கெட்டியாகவும் இருந்ததை நாங்கள் அழுக்கு என்று நினைத்தோம். நம் நிறத்துத் தோலில் படுக்கைப்புண் சிவந்து தெரியாது, கறுத்துத்தான் தொடங்கும் என்று யார் சொன்னார்கள்? காற்றுப்படுக்கை இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது திருப்பிவிட வேண்டும் என்று யார் சொன்னார்கள்? அப்பா அந்தப் புண்ணோடுதான் போனார்.

இரவில் எழுந்து எழுந்து திருப்பிப் படுக்க வைப்பவர்களையும், நடவுக் கூலியை விட்டுவிட்டு மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மருமகள்களையும்தான் ஒத்துழைக்காதவர்கள் என்று அச்சடித்திருக்கிறீர்கள். வருஷக்கணக்காக உங்கள் பத்திரிகையைப் படிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், எங்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம்.

கட்டுரையின் கடைசியில் நிறுவனங்களின் கட்டணத்தை அட்டவணையாகக் கொடுத்திருந்தீர்கள். அடுத்த முறை போடும்போது அதில் மூன்று விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள். டவுனைத் தாண்டி எத்தனை கிலோமீட்டர் வரை வருவார்கள்? தொடர்ந்து ஒரே ஆளை அனுப்புவார்களா? வீட்டில் இருப்பவர்களுக்குக் கற்றுக்கொடுத்து, அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார்களா? பதில் சொல்லாத நிறுவனத்துக்கு நேரே அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.