அலமாரிக் கீறலும் வெளிர் திட்டும்: நண்பருக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் படங்களும் கிடைத்தன. புது வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். அம்மாவின் தேக்கு அலமாரி, வீடு மாறியதில் கீறல்பட்டுவிட்டதே என்று நீங்கள் வருந்தி எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கும் மனம் கனத்தது. முழுவதையும் இழைத்துத் தேய்த்துப் புதிதாக பாலிஷ் போட்டால்தான் சரியாகும் என்று உங்களிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இப்போதைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். படங்களில் தெரிகிற அளவில், பெரும்பாலானவை எண்ணெயாலும் மெழுகாலும் மறையக்கூடியவை என்றே நினைக்கிறேன்.

மெல்லிய கீறல் வெள்ளையாகத் தெரிவதால், அந்த இடத்தில் மரத்தின் நிறமே போய்விட்டது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் பல கீறல்களில் நிறம் எங்கும் போவதில்லை. மேலே இருக்கும் வார்னிஷ் படலம் மட்டும் நொறுங்கி, அதன் கரடுமுரடான ஓரங்களுக்கு இடையே காற்று புகுந்துவிடுகிறது. காற்றும் படலமும் மாறி மாறிச் சந்திக்கும் அந்தப் பரப்பில் ஒளி சிதறுவதால்தான் வெண்மை தோன்றுகிறது. வெள்ளைத்தாளில் எண்ணெய் பட்ட இடம் ஊடுருவித் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால், எண்ணெயோ மெழுகோ அந்த இடைவெளிகளை நிரப்பினால் ஒளி சிதறாமல் உள்ளே செல்கிறது, அடியிலுள்ள மரத்தின் நிறம் மீண்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே எண்ணெய் கீறலுக்குச் சாயம் ஏற்றுவதில்லை, காற்றை வெளியேற்றுகிறது. அது எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்தே புரிந்துவிடும்.

எனவே எண்ணெய்ப் புட்டியைத் திறப்பதற்கு முன்பு, விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக் கீறலின் மேல் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும் அந்தச் சில நொடிகளில் கீறல் மறைந்துவிட்டால், எண்ணெயும் அதையே நிலையாகச் செய்யும். ஈரத்திலும் வெளிறியே தெரிந்தால், அங்கே நிறம் ஏற்றிய அடுக்கே பெயர்ந்துவிட்டது என்று பொருள். அதற்கு நிறமுள்ள மெழுகு வேண்டும். பார்த்தவுடன் தண்ணீரைத் துடைத்துவிடுங்கள். பிறகு நகத்தைக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். நகம் இடறினால் கீறல் ஆழமானது. எண்ணெய் அதன் நிறத்தை அடக்கினாலும் பள்ளம் பள்ளமாகவே இருக்கும்.

சாவித்துளையைச் சுற்றியுள்ள கீறல்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்காகச் சாவிக்கொத்து உரசிய இடம் அது, ஆகையால் கை அழுக்கும் பழைய மெழுகும் படிந்திருக்கும். அவை இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது. நன்றாகப் பிழிந்த துணியில் சிறிது மென்மையான சோப்பு நீர் தொட்டுத் துடைத்து, பிறகு வெறும் ஈரத்துணியால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். பழைய மெழுகு வழவழப்பாகத் தட்டுப்பட்டால், துணியில் சிறிது டர்பன்டைன் தொட்டு எடுத்துவிடலாம். சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் தேவை. சமையலறையில் கைக்குக் கிடைக்கும் எண்ணெயைத் தடவுவது பலருக்கும் வழக்கம். அன்றைக்கு அது அழகாகத்தான் தெரியும். ஆனால் தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் போன்றவை இறுகிக் காய்வதில்லை. பிசுபிசுப்பாகவே இருந்து தூசியைப் பிடிக்கும், பின்னாளில் பாலிஷ் போட நேர்ந்தால் அது ஒட்டாமலும் தடுக்கும். லின்சீட் எண்ணெய், அதாவது ஆளிவிதை எண்ணெய், காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து மெல்ல இறுகும் இயல்புடையது. பதப்படுத்தாத பச்சை லின்சீட் எண்ணெய் காய வெகுநாள் பிடிக்கும் என்பதால், ‘பாயில்டு லின்சீட்’ என்று விற்கும் வகையை வாங்குங்கள்.

முதலில் கதவின் உட்பக்க ஓரத்தில், யாரும் பார்க்காத இடத்தில் தடவிப் பார்த்து, நிறம் எவ்வளவு கறுக்கிறது என்று கவனியுங்கள். திருப்தியாக இருந்தால், பஞ்சு பிரியாத பருத்தித் துணியில் இரண்டு மூன்று சொட்டுகள் மட்டும் விட்டு, மர ரேகை ஓடும் திசையிலேயே கீறல்மீது தேயுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். ஊறாத எண்ணெயை விட்டுவைத்தால்தான் பின்னர் பிசின்போல் ஒட்டும். தொட்டால் விரலில் எதுவும் படக்கூடாது. ஒரு நாள் கழித்துப் பார்த்து, தேவையானால் மறுபடி ஒருமுறை செய்யுங்கள். மழைக்காலமாக இருந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டியிருக்கும்.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். லின்சீட் எண்ணெய் இறுகும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, தீப்பொறி எதுவும் இல்லாமலேயே பற்றிக்கொள்ளக்கூடும். துணியை வெளியில் தனியாக விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அப்புறப்படுத்துங்கள். இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

கதவின் அடிப்பகுதியில் உள்ள வெளிர் திட்டு, தரை துடைக்கும் ஈரத்துணி திரும்பத் திரும்பப் பட்டுப் படலம் தேய்ந்ததால் வந்தது போலத் தெரிகிறது. அங்கே மரம் வறண்டு கிடப்பதால் எண்ணெயை வேகமாகக் குடிக்கும், சுற்றுப்புறத்தைவிடக் கறுத்தும் போகலாம். ஆகவே ஒரே தடவையில் நிரப்ப முயலாமல், மிக மெல்லிய பூச்சாகக் கொடுத்து, நிறம் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். கறுத்துவிட்ட மரத்தை மீண்டும் வெளிறச் செய்வது எளிதன்று.

மெழுகு எப்போதும் எண்ணெய் காய்ந்த பிறகே. மெழுகு பூசிய இடத்தில் எண்ணெய் இறங்காது என்பதால் இந்த வரிசையை மாற்ற முடியாது. தேன்மெழுகு கலந்த மரப் பாலிஷை மிகக் குறைவாகத் தடவி, மேற்பரப்பு மங்கியதும் மென்துணியால் தேய்த்து மெருகேற்றுங்கள். தண்ணீர்ச் சோதனையிலும் வெளிறித் தெரிந்த கீறல்களுக்கு, மரத்தைவிடச் சற்றே அடர்ந்த பழுப்பு மெழுகை எடுத்துக்கொள்ளுங்கள். நிறமற்ற மெழுகு பள்ளத்தில் தங்கி வெள்ளைக் கோடாகத் தெரியும். நம் கண்ணோ இருண்ட கோட்டை மர ரேகை என்று எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

மேல்தட்டில் டம்ளர் வைத்த வளையம் வேறு வகை. வெண்மையாக இருந்தால், ஈரம் படலத்துக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. வாசலினை மெல்லத் தடவி இரவு முழுவதும் விட்டு, காலையில் துடைத்துப் பாருங்கள், சில வளையங்கள் அதிலேயே போய்விடும். வளையம் கறுப்பாக இருந்தால் தண்ணீர் மரம்வரை இறங்கிவிட்டது; எண்ணெயும் மெழுகும் அதை மறைக்கா. வெயில் பட்டு நிறம் மங்கிய பக்கமும் அப்படித்தான். படத்தில் அந்த வளையத்தின் நிறம் தெளிவாக இல்லை. பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை மேல்தட்டில் எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் நண்பன்