எழுபதில் நின்றுபோன குறுஞ்செய்தி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சில வாரங்களுக்கு முன் என் அம்மாவின் போனுக்கு ஒரு மருத்துவமனையிலிருந்து தமிழில் குறுஞ்செய்தி வந்தது. "நாளை காலை ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரவும். மாத்திரை சாப்பிட வ" என்பதோடு நின்றுவிட்டது. அம்மா அதை "சாப்பிட வரவும்" என்று படித்துக்கொண்டார். மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார், பரிசோதனை தள்ளிப்போனது. மருத்துவமனை எழுதியிருந்ததோ "மாத்திரை சாப்பிட வேண்டாம்."

குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளோடு பல வருடம் வேலை பார்த்தவன் நான். எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். சரியாக எழுபதாவது இடம்.

ஒரு குறுஞ்செய்திக்கு உள்ள இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். எந்த மொழிக்கும் இதே அளவுதான். ஆனால் இந்த முறையை 1980களில் ஐரோப்பாவில் வகுத்தபோது, ஓர் எழுத்துக்கு 7 பிட் போதும் என்று 128 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலைப் போட்டார்கள். அதில் ஆங்கிலமும் வேறு சில ஐரோப்பிய எழுத்துகளும் கொஞ்சம் கிரேக்கமும் அடங்கின. 1,120ஐ 7ஆல் வகுத்தால் 160. தமிழ், அரபு, சீனம் போன்றவற்றுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவற்றை யூனிகோடில், ஒவ்வொன்றுக்கும் 16 பிட் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். 1,120ஐ 16ஆல் வகுத்தால் 70. நீளமான ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் போதும், அந்தச் செய்தி முழுவதும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

அப்புறம், 70 என்பது நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. 'வே' நமக்கு ஓர் எழுத்து. போனுக்கு அது வ ஒன்று, இரட்டைக்கொம்பு ஒன்று, ஆக இரண்டு. 'ண்' என்றால் ண ஒன்று, புள்ளி ஒன்று. அம்மாவுக்கு வரவேண்டிய முழுச் செய்தியில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகள் 37. இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்தால் 49. கொம்பு, கால், சுழி, புள்ளி என்று மேலும் 29 சேர்ந்து 78 ஆகிவிடுகிறது. 'வேண்டாம்' என்பதன் 'வ' எழுபதாவது இடத்தில் விழ, அதன் கொம்பிலிருந்து எல்லாம் போய்விட்டது.

அப்படியானால் நீளமான தமிழ்ச் செய்திகள் வருவதே இல்லையா? வருகின்றன. அவை துண்டுகளாகக் கிளம்பி, போனில் ஒன்று சேர்கின்றன. எது எதனோடு சேர வேண்டும் என்று சொல்ல ஒவ்வொரு துண்டின் தலையிலும் 6 பைட் குறிப்பு இருக்கும். அதனால் ஒரு துண்டில் தமிழுக்கு 67 இடம்தான் மிஞ்சும். அம்மாவின் செய்தி 67, 11 என்று இரண்டாகப் போயிருந்தால் முழுதாக வந்து சேர்ந்திருக்கும். இதிலிருந்தே பிழை யாருடையது என்றும் ஊகிக்கலாம். செய்தி 67இல் நின்றிருந்தால் இரண்டாம் துண்டு வழியில் தொலைந்திருக்கலாம். 70இல் நின்றால், அனுப்பிய மென்பொருளே மிச்சத்தை வெட்டியிருக்கிறது என்றுதான் நான் சந்தேகப்படுவேன். இரண்டு துண்டு போனால் இரண்டு செய்திக்குக் கட்டணம் என்பதால், ஒன்றுக்கு மேல் போகாதபடி பூட்டிவைப்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

இதற்குத் தரநிலையிலேயே ஒரு வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கைபேசித் தொழில்நுட்பத்துக்குத் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் விதிகளில் தமிழ், இந்தி, வங்காளம் உள்ளிட்ட மொழிகளுக்கும் 7 பிட் பட்டியல்கள் பின்னாளில் சேர்க்கப்பட்டன. தமிழ்ப் பட்டியலைப் பயன்படுத்துகிறோம் என்று சொல்ல 4 பைட் போனாலும் 155 இடம் கிடைக்கும். அம்மாவின் 78 அதில் ஒரே செய்தியாக அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், பெறுகிற போனுக்கும் அந்தப் பட்டியல் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத போன் அதையே பழைய பட்டியலை வைத்துப் படித்து, பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாகக் காட்டும். அதனால் அனுப்புகிறவர்கள் துணிவதில்லை.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டால் போயிற்று என்று இதற்கு யோசனை சொல்பவர்களை எனக்குத் தெரியும். தமிழ் எழுத்து மட்டுமே படிக்கத் தெரிந்த என் அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வேன்?

மருத்துவமனைகளையும் மற்ற அலுவலகங்களையும் நான் கேட்பது இதுதான்: தமிழ்ச் செய்தியை மென்பொருள் எண்ணுவதுபோல, கொம்பையும் புள்ளியையும் சேர்த்து எண்ணுங்கள். 70ஐத் தாண்டினால் வெட்டாமல் இரண்டு துண்டாக அனுப்புங்கள். 'மாத்திரை வேண்டாம்' என்பதை முதல் வரியில் வையுங்கள். என் அம்மாவுக்கு வந்த செய்தியை அனுப்பிய இடத்துக்கும் இதையே எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்