அம்மாவின் பொட்டாசியம் ரிப்போர்ட் பற்றி

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நீ அனுப்பிய இரண்டு ரிப்போர்ட்டுகளும் கிடைத்தன. மகள் படிப்பை முடித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம், அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். இங்கே எல்லோரும் நலம். லேப் வேலைதான் முன்பைவிடக் கூடிவிட்டது, காலை ஏழு மணிக்குள் நூற்றுக்கணக்கான டியூப்கள் மேசைக்கு வந்து சேருகின்றன, அதில் பெரும்பகுதி வீடுகளில் எடுத்தவை.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப்போன முதல் ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 5.9, நான்கு நாள் கழித்து லேபுக்கே அழைத்துப்போய் எடுத்ததில் 4.4. எந்த மருந்தையும் மாற்றாமல் இப்படி எப்படி இறங்கும், யாரோ ஒருவருடைய ரத்தத்தை மாற்றிப் போட்டுவிட்டார்களா என்று கேட்டிருக்கிறாய். ஆள் மாறவில்லை என்றே நினைக்கிறேன். முதல் ரிப்போர்ட்டில் இருக்கிற ஹீமோகுளோபின், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் எல்லாம் அம்மாவின் பழைய ரிப்போர்ட்டுகளோடு ஒட்டிப் போகின்றன. ஆள் மாறியிருந்தால் இவையும் சேர்ந்து மாறியிருக்கும். பொட்டாசியம் ஒன்றுதான் தனியாக மேலே நிற்கிறது. அப்படி ஒன்று மட்டும் தனியாகத் துள்ளினால் ரத்தம் எடுத்ததிலிருந்து மெஷினுக்குள் போகும்வரை அந்த டியூப்புக்கு என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் பார்ப்போம்.

ரிப்போர்ட்டின் மேல் பகுதியில் சின்ன எழுத்தில் மூன்று நேரங்கள் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. சாம்பிள் எடுத்த நேரம், லேபுக்கு வந்து சேர்ந்த நேரம், ரிப்போர்ட் வெளியான நேரம். அம்மாவுக்கு எடுத்தது காலை 6:40, லேபுக்கு வந்தது 12:15. ஐந்தரை மணி நேரம்! நீங்கள்தான் அன்றைக்கு முதல் வீடு என்று ரத்தம் எடுத்த பையன் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதற்கப்புறம் வேறு பல வீடுகளுக்குப் போயிருப்பான், பிறகு பையை ஒரு மருந்துக்கடையில் இருக்கிற சேகரிப்பு மையத்தில் கொடுத்திருப்பான், அங்கிருந்து இன்னொருவர் வந்து எடுத்துக்கொண்டு லேபுக்குப் போயிருப்பார். பெரும்பாலான ஊர்களில் ஏற்பாடு இப்படித்தான். நீ பதிவு செய்தது மருந்துக்கடையில், ரத்தம் எடுத்தது வேறொருவர், பரிசோதனை நடப்பது நீ பார்த்தே இராத ஒரு கட்டடத்தில். அபூர்வமான டெஸ்டாக இருந்தால் அந்த லேபும் அதை இன்னொரு பெரிய லேபுக்கு அனுப்பிவிடும்.

இந்த ஐந்தரை மணி நேரத்தில் டியூப்புக்குள் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்தபிறகும் அதன் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே இருப்பதைவிட இருபது மடங்குக்கும் மேல் இருக்கும். அணுவின் சுவரில் ஒரு பம்ப் ஓயாமல் வேலை செய்து அதை உள்ளேயே பிடித்துவைக்கிறது. குளிர்ந்தால் அந்தப் பம்ப் மந்தமாகிவிடும், பொட்டாசியம் மெல்ல மெல்ல வெளியே கசியும். நாம் அளப்பது அணுக்களுக்கு வெளியே இருக்கிற திரவமான சீரத்தை, அதனால் கசிந்ததும் கணக்கில் சேர்ந்துவிடும். பையன் டியூப்களை ஐஸ் பேக்குக்கு நடுவில் செருகினான், நல்ல அக்கறையான பையன் என்று எழுதியிருந்தாய் பார், அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. குளிர்ச்சியாக வைத்தால் சாம்பிள் கெடாது என்று எல்லோரும் நினைக்கிறோம். பல டெஸ்டுகளுக்கு அது சரி. ஆனால் சுழற்றிப் பிரிக்காத ரத்தத்தில் பொட்டாசியம் பார்க்க வேண்டுமென்றால் ஐஸ்தான் பகை.

இதில் கஷ்டம் என்னவென்றால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஊசி சரியாக இறங்காமலோ டியூப்பைக் குலுக்கியோ சிவப்பணுக்கள் உடைந்தால் சீரம் சிவந்துவிடும், மெஷினே கண்டுபிடித்து எச்சரிக்கும், நாங்களும் திரும்ப எடுக்கச் சொல்லிவிடுவோம். குளிரில் கசியும்போது அணு உடைவதில்லை. சீரம் தெளிவான மஞ்சளாகவே இருக்கும், மெஷினும் ஒரு குறையும் சொல்லாது. வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டால்தான் உண்டு.

சர்க்கரை மட்டும் எப்படிச் சரியாக, வழக்கம்போல 124 வந்தது என்று நீயே கேட்டிருந்தாய், நல்ல கேள்வி. அது வேறு டியூப். சாம்பல் நிற மூடி போட்ட டியூப்பில் ஃபுளோரைடு இருக்கும், அணுக்கள் சர்க்கரையைத் தின்பதை அது தடுக்கும். முழுதாகத் தடுக்க ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும், அதனால் முதலில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், அப்புறம் நின்றுவிடும். இந்தப் பாதுகாப்பு இல்லாத டியூப்பை அறை வெப்பத்தில் சும்மா வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். சர்க்கரை நோய் இருப்பவருக்கு ரிப்போர்ட் நன்றாக இருப்பதுபோல் காட்டிவிடும், அது இன்னும் மோசம், ஏனென்றால் நல்ல ரிப்போர்ட்டை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஊதா மூடி டியூப்பையும் நான் நினைத்துப் பார்த்தேன். அதில் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்து பொட்டாசியம் உப்புதான். சில பேர் ஊதா டியூப்பை முதலில் நிரப்பிவிடுவார்கள், அல்லது பொட்டாசியம் பார்க்கிற மஞ்சள் மூடி டியூப்பில் ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றிவிடுவார்கள். அப்படிச் செய்தால் பொட்டாசியம் ஏறும், அதே சமயம் கால்சியம் விழும். அம்மாவுக்குக் கால்சியம் 9.3, ஒரு குறையும் இல்லை. எனவே அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம். கையை மூடி மூடித் திறக்கச் சொன்னான், நரம்பு கிடைக்கவே நேரமாயிற்று, ரப்பர் பட்டை அதுவரை கட்டியே இருந்தது என்று சொன்னாய். அதுவும் பொட்டாசியத்தை ஏற்றும். பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கையை ஒருமுறை மூடி வைத்தால் போதும், பம்ப் அடிப்பதுபோல் செய்யக் கூடாது. ஆக, கொஞ்சம் கையில் ஏறியது, மீதி ஐஸ் பெட்டியில் ஏறியது என்பதுதான் என் கணிப்பு.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இதெல்லாம் இரண்டாவது ரிப்போர்ட் கையில் இருப்பதால் நான் உட்கார்ந்து சொல்வது. 5.9 என்று வந்த அன்றைக்கே நீ டாக்டருக்குப் போன் செய்ததும், அவர் உடனே இசிஜி எடுக்கச் சொன்னதும்தான் சரியான வழி. பொட்டாசியம் நிஜமாகவே ஏறியிருந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், பல நேரம் முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. அம்மா சாப்பிடுகிற ரத்த அழுத்த மாத்திரை டெல்மிசார்ட்டான், அந்த வகை மாத்திரைகளுக்குப் பொட்டாசியத்தை ஏற்றுகிற குணம் உண்டு. அதனால் லேப் தப்பாக இருக்கும் என்று அலட்சியமாக விட்டிருக்கவும் முடியாது. இன்னொரு பக்கம், உன் தம்பி சொன்ன மாதிரி மாத்திரையை நீங்களாகவே நிறுத்தியிருந்தால் ஒரு பொய்யான எண்ணுக்காக அம்மாவின் ரத்த அழுத்தம் ஏறியிருக்கும்.

மருந்துக்கடையில் பதிவு செய்யும்போது என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார்களா? பெரும்பாலும் கேட்பதில்லை, வெறும் வயிறா என்று மட்டும் கேட்பார்கள். அதே கடையில் வாங்குகிற சில பொருட்கள் ரிப்போர்ட்டையே திருப்பிப் போட்டுவிடும். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று விற்கிற குறைந்த சோடியம் உப்பில் பாதிக்குப் பாதி கூடப் பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். மூட்டுவலிக்குச் சீட்டில்லாமல் வாங்குகிற இபுபுரூஃபன் மாதிரியான மாத்திரைகள் டெல்மிசார்ட்டானோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் சிரமம், பொட்டாசியமும் ஏறும். அம்மா இந்த இரண்டில் எதையாவது தொடுகிறாரா என்று கேட்டு டாக்டரிடம் சொல்.

உன் மனைவி முடி கொட்டுவதற்கு ஏதோ கேப்சூல் சாப்பிடுவதாகவும், அடுத்த மாதம் தைராய்டு பார்க்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். அந்த டப்பாவின் பின்பக்கம் பயோட்டின் எத்தனை என்று பார்க்கச் சொல். 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று இருந்தால் சில மெஷின்களில் டி.எஸ்.எச் பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாக ஏறியும் காட்டும், தைராய்டு அதிகமாகச் சுரக்கிற நோய் வந்ததுபோலவே இருக்கும். எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தினால் போதும். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தாக இருந்தால் மட்டும் அவரைக் கேட்டுவிட்டு நிறுத்தட்டும்.

இனி வீட்டுக்கு வரவழைப்பதையே விட்டுவிடலாமா என்று கேட்டாய். அம்மாவுக்கு மாடி இறங்குவது கஷ்டம், எதற்கு விட வேண்டும்? அவருடைய வழக்கமான டெஸ்டுகளில் பெரும்பாலானவை இந்தத் தாமதத்தைத் தாங்கிவிடும். மூன்று மாதச் சர்க்கரை பார்க்கிற எச்பிஏ1சி ஊதா டியூப்பில் நாள் கணக்கில் கெடாது, கொலஸ்ட்ராலும் சில மணி நேரத்தில் மாறாது. பொட்டாசியம் சேர்ந்திருக்கிற அன்றைக்கு மட்டும், ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் சீரத்தைப் பிரிப்பார்களா என்று பதிவு செய்யும்போதே கேள். சேகரிப்பு மையத்திலேயே ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற செண்ட்ரிஃப்யூஜ் வைத்திருப்பவர்கள் உண்டு. மஞ்சள் மூடி டியூப்பின் அடியில் ஒரு ஜெல் இருக்கும், அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்து ரத்தம் உறைந்தபின் சுழற்றினால் அந்த ஜெல் நடுவில் வந்து அணுக்களையும் சீரத்தையும் பிரித்து நின்றுவிடும், பிறகு ஐஸில் வைத்தாலும் பயமில்லை. அப்படி ஏற்பாடு இல்லை என்றால் உங்கள் வீட்டை அன்றைய கடைசி வீடாகப் போடச் சொல், வெறும் வயிற்றில் இருப்பது பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடித்தால் நரம்பும் சுலபமாகக் கிடைக்கும்.

பையன் கிளம்பும் முன் ஒவ்வொரு டியூப்பிலும் அம்மாவின் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று நீயே பார், ஸ்டிக்கரை அப்புறம் ஒட்டிக்கொள்கிறேன் என்றால் விடாதே. நீ பயந்த ஆள்மாறாட்டம் நிஜமாக நடப்பது அங்கேதான்.

டாக்டர் மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொன்னார் அல்லவா, அந்த ரிப்போர்ட் வந்ததும் முதல் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு, நேரங்கள் அதில்தான் இருக்கும். அம்மாவை ரொம்பவும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்